திண்டுக்கல் தொட்டியில் இல்லாத தோல் வாசனை

வெளிநாட்டில் இருந்து வந்திருந்த தங்கை எனக்கு ஒரு சிறிய வாசனைக் குப்பியைக் கொடுத்துவிட்டுப் போனாள். தோலும் புகையிலையும் சேர்ந்த மணம் என்று அதன் அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது. மணிக்கட்டில் ஒருமுறை அடித்துப் பார்த்தேன். எழுதியிருந்தது பொய்யில்லை என்றே பட்டது. புதிய தோல் பையைத் திறந்த மாதிரி ஒரு கனமான வாசம், அதன் பின்னால் இனிப்பாக, உலர்ந்த இலை மாதிரி ஒன்று. அந்த வாரம் திண்டுக்கல்லுக்குப் போனபோது குப்பியையும் எடுத்துக்கொண்டு போனேன். என் சித்தப்பா பேகம்பூரில் தோல் பதனிடும் தொழிலில் நாற்பது ஆண்டுகள் இருந்தவர். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, புகையிலைக் கிடங்கில் கணக்கு எழுதியவர். இந்த இரண்டு வாசனைகளையும் எங்கள் குடும்பத்தைவிட நெருக்கமாக அறிந்தவர்கள் குறைவு. சித்தப்பாவின் புறங்கையில் ஒரு துளி வைத்தேன். அவர் நிதானமாக முகர்ந்தார். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் தோல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை இரண்டு ஆண்டுகள் விடவில்லை. நான் முகர்ந்த உடனே தோல் என்று சொன்ன ஒன்றை, தோலிலேயே வாழ்ந்த ஒருவர் அடையாளம் காணவில்லை. இருவரில் யாருடைய மூக்கு தவறு? பெர்ஃப்யூம் குப்பிக்குள் தோல் கிடையாது என்பது எனக்குத் தெரிந்ததுதான். பல பொருள்களைக் கலந்து, தனித்தனியாகத் தெரியாமல் ஒரே வாசனையாக மூக்கில் விழும்படி செய்வதை அந்தத் தொழிலில் அக்கார்டு என்கிறார்கள். நான் கூட்டுமணம் என்று எழுதுகிறேன். ஆனால் எதைப் பார்த்து அந்தக் கூட்டுமணத்தைச் செய்தார்கள் என்பதுதான் புரியவில்லை. மாதிரி ஒன்று இருந்திருக்க வேண்டும் அல்லவா? சிறிய தராசு ஒன்றும், பதினைந்து இருபது மூலப்பொருள் குப்பிகளும் வாங்கி, நானே செய்து பார்க்கத் தொடங்கியது இந்தக் கேள்விக்காகத்தான்.

தோல் எதனால் மணக்கிறது

சித்தப்பா வேலை பார்த்த இடத்துக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் அறைவது சுண்ணாம்பும் ஈரமும். உப்பிட்டு வந்த ஆட்டுத்தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு, மயிர் கழித்து, உட்புறச் சதையை வழித்து எடுக்கும் வரை அங்கே இருப்பது அழுகலுக்கும் கழுவலுக்கும் நடுவில் நிற்கும் நாற்றம். அதில் மணம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பிறகுதான் பட்டைத் தொட்டி வருகிறது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை. இப்போது பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாறு. அதில் ஊறி எழுந்த தோலைக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு, எண்ணெய் தடவி உலர்த்துகிறார்கள். உலர்ந்த தோலை முகர்ந்தால் துவர்ப்பான பட்டை வாசம், மேலே லேசாக எண்ணெய்ச் சிக்கு. அவ்வளவுதான். குரோமில் பதனிட்ட தோலாக இருந்தால் இந்தப் பட்டை வாசமும் இருக்காது. அதன் மணம் பின்னால் ஏற்றும் எண்ணெயிலும் மேற்பூச்சிலும் இருந்து வருகிறது. ஆக, விலங்கின் தோலுக்கென்று ஒரு சொந்த நறுமணம் இல்லை. நாம் தோல் வாசனை என்று சொல்வது பதனிட்டவர்கள் அதற்குள் ஏற்றிய வாசனை.

சித்தப்பாவின் தொட்டியில் ஏற்றிய வாசனை வேறு, என் குப்பியில் இருந்த வாசனை வேறு என்றால், குப்பிக்கு வேறு ஊர்த் தொட்டி ஒன்று மாதிரியாக இருந்திருக்க வேண்டும். அது ரஷ்யாவில் இருந்தது. பழைய ரஷ்யத் தோலை வில்லோ போன்ற மரங்களின் பட்டையில் பதனிட்டு, கடைசியாக அதன் உட்புறத்தில் பிர்ச் மரப்பட்டையின் தாரைத் தேய்த்து ஏற்றுவார்கள். பிர்ச் பட்டையைக் காற்றுப் புகாத கலத்தில் அடைத்துச் சூடேற்றினால் கறுப்பாக, பிசுபிசுப்பாக வடிவதுதான் அந்தத் தார். தோல் நீரை எளிதில் குடிக்காமல் இருக்கவும், பூச்சி அண்டாமல் இருக்கவும் அது உதவியது. அதனால் புத்தகக் கட்டுக்கும் பெட்டிக்கும் பூட்ஸுக்கும் ஐரோப்பா முழுவதும் அந்தத் தோலைத் தேடி வாங்கினார்கள். எந்த அளவுக்கு அந்த மணம் தோலில் ஊறியிருந்தது என்பதற்கு ஒரு கப்பலைச் சொல்ல வேண்டும். மெட்டா கத்தரினா என்ற பாய்மரக் கப்பல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்து ஜெனோவாவுக்குச் சணலும் ரஷ்யத் தோலும் ஏற்றிக்கொண்டு போகும்போது, 1786 டிசம்பரில் இங்கிலாந்தின் பிளிமத் கரையோரம் புயலில் மூழ்கியது. 1973இல் முக்குளிப்பவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். கடலடிச் சேற்றுக்குள் கட்டுக்கட்டாகச் சுருட்டிக் கிடந்த தோல்களில் பல கெடாமல் இருந்தன. கழுவி, எண்ணெயிட்டு எடுத்தபோது செருப்பும் பையும் தைக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தன. அந்தப் புகை மணமும் போகவில்லை.

பாரிஸ் வாசனைக் கலைஞர்கள் ரஷ்யத் தோல் என்ற பெயரில் வரிசையாகக் குப்பிகளை இறக்கியபோது அவர்கள் கண்முன் இருந்தது இந்தத் தோல்தான். 1920களில் எர்னஸ்ட் போ ஷனெல் நிறுவனத்துக்காகச் செய்த குயிர் த ருஸ்ஸி அந்த வரிசையில் மிகவும் அறியப்பட்டது. தோலைப் பிழிந்து எடுப்பதில் பயனில்லை. தோல் துண்டைச் சாராயத்தில் வாரக்கணக்கில் ஊறவைத்து நானும் பார்த்தேன். கிடைத்தது சாயமும் கொழுப்பும் கலந்த மங்கலான நீர், அதில் மணம் என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் தோலுக்கு மணம் ஏற்றிய தார் தனியாகவே கிடைக்கும்போது தோலே எதற்கு? மாதிரி அவர்களுக்கு நகல் எடுக்கத் தேவையான பொருளையே கையில் கொடுத்துவிட்டது.

இங்கே இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. தோல் கூட்டுமணத்தில் பழைய காலத்தில் காஸ்டோரியம் என்ற பொருளையும் சேர்ப்பார்கள். நீர்நாய் போலத் தோற்றமளிக்கும் பீவர் என்ற விலங்கின் சுரப்பிப் பையில் இருந்து எடுப்பது. இப்போது பெரும்பாலும் அதையும் செயற்கையாகத்தான் கலக்கிறார்கள். அந்த விலங்கு மரப்பட்டையைத் தின்று வாழ்வது; அதன் சுரப்பில் மணக்கும் பீனால் வகைப் பொருள்களில் பலவும் அது தின்ற பட்டையில் இருந்து வருபவை. ஆவாரம்பட்டை, வில்லோப் பட்டை, பிர்ச் பட்டைத் தார், பட்டை தின்ற விலங்கின் சுரப்பு. எழுதி வைத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உலகம் முழுவதும் தோல் வாசனை என்று நாம் பழகியது பெரும்பாலும் மரப்பட்டையின் வாசனை.

முதல் கலவையில் வந்தது பினாயில்

என் முதல் கலவை எளிமையானது. பிர்ச் தாரின் 10 சதவீதக் கரைசல் 1 கிராம், லாப்டனம் பிசினின் 10 சதவீதக் கரைசல் 2 கிராம், ஸ்டைராக்ஸ் பிசினின் 10 சதவீதக் கரைசல் 1 கிராம். எல்லாம் சாராயத்தில் கரைத்தவை. தார் மட்டும் சுத்திகரித்த வகையாக வாங்கியிருந்தேன். இதில் அலட்சியம் கூடாது. கச்சாத் தாரில் புற்றுநோயோடு தொடர்புள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன. அதனால் வாசனைப் பொருள்களுக்கான சர்வதேச அமைப்பான இஃப்ரா கச்சாத் தாரை அனுமதிப்பதில்லை. சுத்திகரித்ததையும், அந்த நச்சுகளின் அளவு முடிவான பொருளில் நூறு கோடியில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால்தான் விடுகிறது.

காகிதப் பட்டையில் தொட்டு முகர்ந்தேன். தோல் வரவில்லை. அரசு மருத்துவமனை வராந்தா வந்தது. காலையில் தரையைத் துடைத்துவிட்டுப் போன கறுப்புப் பினாயில், அதற்கு மேல் அடுப்பில் சுட்ட கருவாட்டின் புகை. இது என் மூக்கின் கற்பனை இல்லை. பிர்ச் தாரில் நிறைந்திருப்பது குவாயகால், கிரெசால் போன்ற பீனால் வகைகள். விறகுப் புகையில் சுட்ட மீனுக்கும் இறைச்சிக்கும் அந்த மணத்தைத் தருவது குவாயகால் குடும்பம். தாரில் இருந்து எடுக்கும் கிருமிநாசினிகளுக்கு அந்தக் காரத்தைத் தருவது கிரெசால். தோல், சுட்ட மீன், பினாயில் மூன்றின் மணமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அளவு கூடினால் மூக்கு தோலை விட்டுவிட்டு மற்ற இரண்டுக்கும் போய்விடுகிறது. தோல் கூட்டுமணம் கெட்டுப்போயிருக்கிறது என்பதற்கு முதல் அடையாளம் இதுதான்: முகர்ந்ததும் உணவோ மருத்துவமனையோ நினைவுக்கு வந்தால் பீனால் அதிகம்.

தாரைப் பத்தில் ஒரு பங்காக்கினேன். 1 கிராம் இருந்த இடத்தில் 0.1 கிராம். பினாயில் ஒழிந்தது. ஆனால் தோலும் கூடவே ஒழிந்து, கோயில் பிசின் புகை மாதிரி ஒன்று மிஞ்சியது. வெற்றிடத்தை நிரப்ப வேறு ஒன்று தேவைப்பட்டது. அதற்குத்தான் ஐசோபியூட்டைல் குவினோலின் என்ற பொருளை வாங்கி வைத்திருந்தேன். இயற்கைத் தோலில் இருந்து எடுத்தது இல்லை, முழுக்க வேதிக்கூடத்தில் பிறந்தது. 1880இல் ஸ்க்ராவுப் என்ற வேதியியலாளர் அனிலினையும் கிளிசரினையும் கொண்டு குவினோலின் செய்யும் வழியைக் கண்டார்; அந்தக் குடும்பத்தில் வந்த பிள்ளை இது. நேரடியாகக் குப்பியை முகர்ந்தால் தோலே தோன்றாது. பிடுங்கிய வேரின் பச்சை மண், சைக்கிள் டியூப், பழைய பேனா மை. அதை 1 சதவீதமாகக் கரைத்துத் தொட்டால்தான், மை மெல்ல விலகி, கறுப்பாக வளைந்த தடித்த தோல் ஒன்று பின்னால் நிற்பது தெரிகிறது. 1944இல் ஜெர்மேன் செல்லியே என்ற பெண் வாசனைக் கலைஞர் பாண்டிட் என்ற பெர்ஃப்யூமில் இதைச் சுமார் 1 சதவீதம் சேர்த்தார். இந்தப் பொருளுக்கு அது பெரிய துணிச்சல். அன்று முதல் அந்தக் குப்பியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அளவைப் பற்றியும் பேசுகிறார்கள்.

நான் 1 சதவீதக் கரைசலில் 0.5 கிராம் சேர்த்தேன். கலவைக்குள் போன உண்மையான பொருள் 5 மில்லிகிராம். புகை பின்வாங்கி, இறுக்கமான, சற்றே பச்சையான தோல் முன்னால் வந்தது. வெட்டிவேர் எண்ணெயின் 10 சதவீதக் கரைசலில் 0.5 கிராம் ஊற்றியதும் அது தரையில் நின்றது. ஆனாலும் நிம்மதி இல்லை. தைத்து முடித்த செருப்பின் வாசனை இல்லை அது. செருப்புக் கடையின் ரப்பர் அடுக்கு. கடினமாக இருந்தது, விரலுக்கு அடங்கும் மென்மை இல்லை. மூன்று வாரங்கள் அங்கேயே நின்றேன்.

மெத்தில் அயனோன்

என் கேள்வி திரும்பிய இடம் இதுதான். அதை நான் அறிவால் கண்டுபிடிக்கவில்லை. வேறொரு கலவைக்காக மெத்தில் அயனோன் தொட்ட காகிதப் பட்டையும் தோல் கலவை தொட்ட பட்டையும் ஒரே புத்தகத்துக்குள் அருகருகே கிடந்தன. மறுநாள் மாலை புத்தகத்தைத் திறந்தபோது, பல ஆண்டுகள் பயன்படுத்தி மென்மையான ஒரு பணப்பை திறந்த மாதிரி இருந்தது. கைகள் தொட்டுத் தொட்டுப் பளபளத்த தோல். இரண்டு பட்டைகளையும் பிரித்துத் தனித்தனியாக முகர்ந்தேன். ஒன்று ரப்பர், மற்றொன்று பவுடர் பூசிய வயலட் பூ. சேர்த்து வைத்தேன். மறுபடியும் பணப்பை.

அயனோன் 1893இல் டீமானும் க்ரூகரும் வேதிக்கூடத்தில் செய்தது. வயலட் பூவின் மணம் அது. நம் ஊரில் முகப் பவுடரிலும் சோப்பிலும் நாம் அறியாமலே பழகிய மணம். தோலோடு அதற்கு எந்த உறவும் இல்லை. ஆனால் தோலில் நமக்குப் பிடித்தது வாசனை மட்டும் இல்லை, தொடுதலும் கூட. மெழுகு, எண்ணெய், விரல் வழவழப்பு, உட்புறத்தின் மெல்லிய தூசி போன்ற மென்மை. பதனிடும்போது எண்ணெய் ஏற்றுவது தோலை வளைக்க. கலவையில் அயனோன் ஏற்றுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. குவினோலினின் விறைப்பை வளைக்கிறது. அதனால்தான் மெல்லிய ஸ்வேட் தோல் மணம் செய்ய வேண்டும் என்றால் தாரைக் குறைத்து இதைக் கூட்டுகிறார்கள். குதிரைச் சேணத்தின் கனம் வேண்டும் என்றால் இதைக் குறைத்துத் தாரை ஏற்றுகிறார்கள்.

மெத்தில் அயனோனின் 10 சதவீதக் கரைசல் 2 கிராம் சேர்த்ததும் கலவை முடிந்தது. கணக்கை எழுதிப் பார்த்தேன். மணப்பொருள்கள் மொத்தம் 565 மில்லிகிராம். அதில் லாப்டனம் 200, மெத்தில் அயனோன் 200, ஸ்டைராக்ஸ் 100, வெட்டிவேர் 50. தோல் என்று நேரடியாகச் சொல்லத்தக்க இரண்டு, பிர்ச் தார் 10, குவினோலின் 5, ஆக 15 மில்லிகிராம். மூன்று சதவீதம்கூட இல்லை. மீதி அனைத்தும் பிசின், பூ, வேர். ஆனால் முகர்கிற யாரும் பூ என்று சொல்வதில்லை. 15 மில்லிகிராம் சொல்லும் பெயரையே மற்ற 550 மில்லிகிராமும் ஏற்றுக்கொள்கின்றன. கூட்டுமணம் சேர்ந்துவிட்டதா என்று சோதிக்க எனக்குத் தெரிந்த நம்பகமான வழி, காகிதப் பட்டையில் கலவையைத் தொட்டு மூடிய அறையில் வைத்துவிட்டு மறுநாள் முதல்முறையாக அறைக்குள் நுழையும்போது என்ன பெயர் வாயில் வருகிறது என்று பார்ப்பது. அருகில் வைத்து முகர்ந்தால் மூக்கு பொருள்களைப் பிரிக்கத் தொடங்கிவிடும்; நுழைவாயிலில் நின்றால் பிரிக்க நேரம் இருக்காது.

கிடங்கில் ஊறிய கருப்பட்டி

புகையிலையின் கதை சற்று வேறு. தோலைப் போல அதைப் பிழிய முடியாது என்று சொல்ல முடியாது. பதப்படுத்திய இலையில் இருந்து கரைப்பான் கொண்டு எடுக்கும் புகையிலை அப்சலூட் என்ற கறுத்த பசை சந்தையில் கிடைக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பிக் கலவை செய்பவர்கள் குறைவு. அடர் பழுப்பு நிறம் துணியில் கறையாக ஏறும். அறுவடைக்கு அறுவடை மணம் மாறும். எல்லாவற்றையும்விட நிகோடின். தோல் வழியாகவே உடலுக்குள் போகும் பொருள் அது; ஈரமான புகையிலை இலையைக் கையால் பறிப்பவர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது மருத்துவர்கள் அறிந்த நோய். வாசனைக்காக விற்கும் அப்சலூட்டில் நிகோடினைப் பெருமளவு நீக்கித்தான் தருகிறார்கள். இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் அது தனியாக நின்றால் நாம் எதிர்பார்க்கும் புகையிலையாக இருப்பதில்லை. கசப்பாக, தேயிலைத் தூள் மாதிரி, சற்றே சாணத்தின் சாயலோடு இருக்கிறது.

ஏன் என்று யோசிக்கும்போது எனக்குத் தாத்தாவின் கிடங்கு நினைவுக்கு வந்தது. மெல்லும் புகையிலைக்கு எங்கள் பக்கத்தில் இலையை வெயிலில் உலர்த்திய பிறகு பனங்கருப்பட்டிக் கரைசலைத் தெளித்து, அம்பாரமாக அடுக்கிப் புழுங்க விடுவார்கள். அந்த அறையின் வாசனையைத்தான் நான் சிறு வயதில் புகையிலை என்று கற்றேன். அதில் பாதி கருப்பட்டி. மேற்கு நாட்டுப் புகைக்குழாய்ப் புகையிலைக்கும் இதே நடைமுறைதான். அதிமதுரம், கோகோ, சர்க்கரைப் பாகு, தேன் எல்லாம் தெளிப்பார்கள். டோங்கா விதையும் நெடுங்காலம் அவற்றில் இருந்தது. ஆகவே பெர்ஃப்யூம் புகையிலை நகல் எடுப்பது வயலின் இலையை இல்லை. டப்பாவைத் திறந்தால் எழும் வாசனையை.

டோங்கா விதையின் உயிர் கூமரின். அதை 1868இல் வில்லியம் பெர்கின் வேதிக்கூடத்தில் செய்து காட்டினார். புதிதாக வெட்டிக் காயவைத்த புல், பாதாம், சற்றே வெனிலா. என் புகையிலைக் கலவையின் தரையாக அதன் 10 சதவீதக் கரைசல் 2 கிராம் ஊற்றினேன். தேனுக்குப் பீனைலசிட்டிக் அமிலத்தின் 1 சதவீதக் கரைசல் அரை கிராம், வெனிலினின் 10 சதவீதக் கரைசல் அரை கிராம், லாப்டனம் ஒரு கிராம், தேவதாரு எண்ணெய் ஒரு கிராம், கடைசி இரண்டும் 10 சதவீதத்தில். வந்தது பாயசம். நல்ல பாயசம், ஆனால் அதில் இலை இல்லை. கூமரின் கலவைகள் தடுமாறுவது இங்கேதான். இனிப்பு ஏறியதும் மூக்கு அதை இனிப்புப் பண்டம் என்று எடுத்துக்கொள்கிறது, இலை என்று எடுத்துக்கொள்வதில்லை.

இலையை வரவழைத்தவை இரண்டு. முதலாவது, எனக்குத் தோலில் உதவிய அதே அயனோன் குடும்பம். இந்த முறை அது தற்செயல் இல்லை. பச்சை இலைக்குள் கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு வகைப் பொருள்கள் இருக்கின்றன. இலையை உலர்த்திப் புழுங்க விடும்போது அவை உடைந்து சிறிய மணப்பொருள்களாகின்றன. அயனோன், டமாஸ்கெனோன், மெகாஸ்டிக்மாட்ரையனோன் எல்லாம் அந்த உடைசல்கள். ரோஜாவிலும் இருக்கும் டமாஸ்கெனோன் புகையிலையிலும் இருப்பது இப்படித்தான். கலவையில் பூவைச் சேர்ப்பது போலத் தோன்றும் இந்தச் செயல் உண்மையில் புழுங்கிய இலைக்குள் நடந்ததைத் திரும்பச் செய்வது. மெத்தில் அயனோனின் 10 சதவீதக் கரைசல் அரை கிராம், டமாஸ்கெனோனின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கரைசல் 0.3 கிராம். அவ்வளவு சிறிய அளவிலும் உலர்ந்த திராட்சையின் கருமை வந்துவிட்டது.

இரண்டாவது, குவினோலின். அதன் 1 சதவீதக் கரைசலில் 0.1 கிராம், அதாவது ஒரே ஒரு மில்லிகிராம். பாயசத்தின் நடுவில் திடீரென்று நரம்பு தெரியும் காய்ந்த இலை ஒன்று விழுந்தது. கசப்பு, உலர்ச்சி, விரலில் நொறுங்கும் தன்மை எல்லாம் அந்த ஒரு மில்லிகிராமில் வந்தன. நிகோடின் மூலக்கூறில் பிரிடின் என்ற நைட்ரஜன் வளையம் ஒன்று இருக்கிறது. குவினோலின் என்பது அந்தப் பிரிடின் வளையத்தோடு பென்சீன் வளையம் ஒட்டியது. அமைப்பு ஒத்திருப்பதால் மணமும் ஒத்திருக்கும் என்று எப்போதும் சொல்ல முடியாது. ஆனால் புகையிலையின் அந்த உலர்ந்த கசப்பை நெருங்க இந்தக் குடும்பம் மிக எளிதான வழி என்பதை என் மூக்கு ஒப்புக்கொண்டது.

தோலும் புகையிலையும் ஏன் எப்போதும் ஒரே குப்பியில் வருகின்றன என்ற கேள்விக்கும் எனக்கு இங்கே விடை கிடைத்தது. சுருட்டுப் பிடிக்கும் கனவான் தோல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படத்தை விளம்பரங்கள் காட்டிக்கொண்டே இருக்கின்றன. அது மட்டும் காரணம் இல்லை. இரண்டு கலவைகளுக்கும் அயனோன், லாப்டனம், குவினோலின் பொதுவானவை. அளவை மாற்றினால் ஒன்று மற்றொன்றாகத் திரும்பிவிடும். 1919இல் எர்னஸ்ட் டால்ட்ரோஃப் கரோன் நிறுவனத்துக்காகச் செய்த டபாக் ப்ளோன் அதற்கு நல்ல சான்று. பெயரின் பொருள் வெளிர்நிறப் புகையிலை. புகைபிடிக்கத் தொடங்கியிருந்த பெண்களை நினைத்துச் செய்தது. ஆனால் முகர்ந்தால் முதலில் நிற்பது தோல். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ஹாபனிட்டாவோ, முதலில் சிகரெட்டின் மேல் தடவிக்கொள்ளும் மணமாகத்தான் விற்பனைக்கு வந்தது. பிறகே உடலில் பூசும் பெர்ஃப்யூம் ஆனது. புகையிலைக்கு மணம் ஏற்றிய பொருள், புகையிலை இல்லாமலே புகையிலையாக நின்ற வேறு ஒரு வழி அது.

சித்தப்பாவிடம் மறுபடியும்

தோல், புகையிலை என்று இரண்டு காகிதப் பட்டைகளோடு இந்தத் தை மாதம் திண்டுக்கல்லுக்குப் போனேன். இம்முறை மூன்றாவதாக இன்னொன்றும் வைத்திருந்தேன். ரஷ்யத் தோலுக்கு அவர்கள் செய்ததைத் திண்டுக்கல் தோலுக்கு நான் செய்து பார்த்தது. பிர்ச் தாரை முழுவதும் நீக்கிவிட்டேன். ஆவாரம்பட்டையை இடித்துச் சாராயத்தில் ஊறவைத்த சாறு, கடுக்காய்த் தோல் ஊறிய சாறு, மிகக் குறைந்த குவினோலின், வெட்டிவேர். புங்க எண்ணெயை ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, கெட்டுப்போன வாடை மேலேறியதால் எடுத்துவிட்டேன். கலவை மங்கல்தான். பட்டைச் சாறு துவர்ப்பை நாக்குக்குத் தருமே தவிர மூக்குக்கு அதிகம் தராது, துவர்ப்புக்குக் காரணமான டானின் என்ற பொருள் ஆவியாவதில்லை. பிர்ச் தார் மாதிரி உரக்கப் பேசும் பொருள் நம் தொட்டியில் இல்லாததால்தான் நம் தோல் வாசனை பாரிஸ் குப்பிக்குள் போகவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பெயர் சொல்லாமல் முதல் பட்டையைக் கொடுத்தேன். "இது அந்தக் குப்பி. இப்போது பழகிவிட்டது, தோல் என்றுதான் வருகிறது" என்றார். மூன்றாவது பட்டையை முகர்ந்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. "இது ஊறவைத்த பட்டை. தோல் இன்னும் தொட்டிக்குள் இறங்கவில்லை" என்றார். புகையிலைப் பட்டையைக் கடைசியாகத்தான் கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சித்தி உள்ளே இருந்து, என்ன வாசனை என்று எட்டிப் பார்த்தாள்.

"அப்பாவின் கிடங்கு" என்றார். பிறகு கண்ணைத் திறந்து பட்டையை என்னிடம் நீட்டினார். "கருப்பட்டியைக் குறைத்துக்கொள். இவ்வளவு தெளித்தால் அம்பாரம் பூத்துப்போகும்."

ஊருக்குத் திரும்பியதும் கூமரின் கரைசலை 2 கிராமில் இருந்து 1.4 ஆக்கினேன், வெனிலினைப் பாதியாக்கினேன். பட்டை இப்போது மேசை மேல் மூடிய அறையில் இருக்கிறது. நாளை காலை கதவைத் திறந்து பார்க்க வேண்டும்.